கை கால் எப்போதும் சில்லென்று இருக்கிறதா? அறிகுறியைப் பிடித்துக்கொண்டு காரணத்தைத் தேடுவது எப்படி

"கை கால் எப்பவும் சில்லுன்னே இருக்கு டாக்டர், தைராய்டா இருக்குமோ?" என்று கேட்டு வருபவர்களின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பல நேரம் அவர்கள் கையைவிட என் கைதான் சில்லென்று இருக்கும். வயிற்றை அழுத்திப் பார்க்கக் கை வைத்தால் படுத்திருப்பவர் துள்ளுவார். கல்லூரிக் காலத்திலிருந்தே இப்படித்தான். தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எல்லாம் இரண்டு முறை பார்த்தாயிற்று, எதிலும் குறையில்லை.

அதனால் கை சில்லிட்டிருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து நான் எந்த முடிவுக்கும் வருவதில்லை. அது எப்போது ஆரம்பித்தது, எங்கே இருக்கிறது, கூட என்ன சேர்ந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பரிசோதனைக்குப் போகும் முன்பே பாதி விடை தெரிந்துவிடும். நான் கேட்கும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் பாருங்கள், ஏனென்றால் தாமதிக்கக் கூடாதவை முதலில் வருகின்றன.

முதலில் வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்

அதிகக் குளிரும் வெப்பமும் இல்லாத அறையில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். அப்புறம் வீட்டில் கை வெதுவெதுப்பாக இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, அவருடைய புறங்கையால் உங்கள் முழங்காலிலிருந்து பாதம் வரை மெதுவாகத் தடவிக்கொண்டே வரச் சொல்லுங்கள். கீழே வர வர கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ச்சி கூடினால் அது எல்லாருக்கும் உள்ளதுதான். ஓரிடத்தில் கோடு போட்டதுபோல் சட்டென்று குளிர்ந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சிலருக்கு இந்தச் சோதனையிலேயே ஆச்சரியம் காத்திருக்கும். உங்களுக்குப் பாதம் பனிக்கட்டிபோல் இருக்கிறது, ஆனால் தொட்டவரோ "சூடாத்தானே இருக்கு" என்கிறார். அப்படியென்றால் பாதம் குளிரவில்லை, வெப்பத்தை உணரும் நரம்பு தப்பாகச் செய்தி அனுப்புகிறது. இதற்குத் தைராய்டு பரிசோதனையோடு மட்டும் நின்றுவிட்டால் விஷயம் தப்பிப்போகும். முதலில் பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரையும் பி12 வைட்டமினும். சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடங்களாக எடுப்பவர்களுக்கு பி12 குறைவது சகஜம், அதுவும் இதே தொல்லையைக் கொடுக்கும். எரிச்சல், ஊசி குத்துவது, பஞ்சின்மேல் நடப்பதுபோன்ற உணர்வு கூட இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இந்தப் பிரிவில் இருப்பவர்கள் தயவுசெய்து காலுக்கு வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். சூடு தெரியாமல் தோல் வெந்து கொப்புளமான கால்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வைத்தவருக்குக் கடைசி வரை வலியே தெரிந்திருக்காது. காலைத் தண்ணீரில் நனைப்பதானால்கூட முழங்கையால் சூட்டைச் சோதித்துவிட்டு நனையுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் சில்லென்று இருந்தால்

தைராய்டு ஹார்மோனும் ஹீமோகுளோபினும் இரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றுகின்றன. அவை குறைந்தால் இரண்டு காலும் சேர்ந்துதான் குளிரும். இடது பாதம் மட்டும், அல்லது வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் எப்போதும் சில்லிட்டிருந்தால் அந்தப் பக்கத்து இரத்தக்குழாயில் ஏதோ இடைஞ்சல் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். தமனி சுருங்கியிருக்கலாம். கழுத்தடியில் சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும் கூடுதல் விலா எலும்பு, கைக்குப் போகும் குழாயை நெரிக்கலாம். முன்பு அடிபட்டுக் கட்டுப்போட்ட கையாகவும் இருக்கலாம். இதை வீட்டிலிருந்து பிரித்தறிய முடியாது.

ஒரு நிலைமைக்கு மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதே கிடையாது. சற்று முன்புவரை நன்றாக இருந்த ஒரு காலோ கையோ திடீரென்று வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போய், விரலை அசைப்பதும் கடினமாகிறது என்றால் தமனியில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இது அதிகம் வரும். கணக்கு மணி நேரத்தில்தான், சுமார் 6 மணி நேரத்துக்குள் இரத்தம் திரும்பாவிட்டால் தசையும் நரம்பும் மீளாமல் போகக்கூடும். தேய்க்க வேண்டாம், சூடு வைக்க வேண்டாம், இரத்தக்குழாய் அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள்.

அதேபோல் கடும் காய்ச்சல், தொற்று, பெரிய இரத்தப்போக்கு என்று ஏற்கெனவே உடம்பு முடியாமல் கிடப்பவரின் கை கால் சில்லிட்டு வியர்த்து, ஆளும் குழப்பமாகப் பேசினால் அது இரத்த அழுத்தம் சரிவதன் அடையாளம். இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இரண்டு பக்கமும், வருடக்கணக்காக, வேறு எதுவும் இல்லை

சரி, இப்போது என்னைப் போன்றவர்களின் கதைக்கு வருவோம். உடம்புக்கு முக்கியம் உள்ளே இருக்கும் உறுப்புகளை 37 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருப்பது. கையும் பாதமும் அதற்கு வெப்பத்தை வெளியேற்றும் சன்னல்கள் மாதிரி. விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குக் குழாய்கள் இருக்கின்றன. உடம்பு சூடானால் அவை திறந்து இரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது, குளிர்ந்தால் மூடிக்கொள்கின்றன. மூடிவிட்டால் விரலுக்கு உயிர் வாழ எவ்வளவு இரத்தம் வேண்டுமோ அவ்வளவுதான் போகும், அதன் சூடு அறையின் சூட்டை நோக்கி இறங்கிவிடும். எந்தக் குளிரில் மூட வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. பெண்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் பொதுவாகச் சீக்கிரமே மூடிவிடும். பயம், பதற்றம் வந்தாலும் மூடும், நேர்முகத் தேர்வில் கை குலுக்கும்போது மாட்டிக்கொள்வது இதனால்தான்.

இது இயல்புதான் என்று நான் ஏற்றுக்கொள்ள நான்கு விஷயங்கள் ஒத்துவர வேண்டும். சின்ன வயதிலிருந்தே அல்லது பல வருடங்களாக இப்படித்தான், அண்மையில் மோசமாகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. வெதுவெதுப்பான நீரில் வைத்தாலோ வேகமாக நடந்துவிட்டு வந்தாலோ கால் மணி நேரத்தில் சூடாகிவிடுகிறது. விரல் நுனியில் புண், விரிசல், நிறமாற்றம் எதுவும் இல்லை. இந்த நான்கும் பொருந்தி, சோர்வும் எடை மாற்றமும் இல்லையென்றால் நிம்மதியாக இருக்கலாம்.

இவர்களில் பலர் செய்யும் தவறு, கையுறையும் காலுறையும் மட்டும் மாட்டிக்கொள்வது. அடுப்பில்லாத பாத்திரத்தை எத்தனை துணியால் சுற்றினாலும் சூடேறாது, சூட்டை அனுப்ப வேண்டியது நடு உடம்பு. மார்பையும் வயிற்றையும் மூடும் ஒரு கையில்லா மேலாடை, கழுத்தைச் சுற்றி ஒரு துணி போட்டுப் பாருங்கள், நடு உடம்பில் வெப்பம் மிஞ்சியவுடன் விரல்களுக்கான குழாய்கள் தாமாகத் திறக்கும். நான் காலுறைமேல் காலுறை மாட்டி இறுக்கிக்கொண்டிருந்த காலமும் உண்டு. இறுக்கம் இருக்கிற இரத்தத்தையும் தடுக்கும் என்பது தெரிந்தும்தான்.

"போன வருஷம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தது" என்றால், எனக்கு அடுத்த கேள்வி மாத்திரை. பதற்றத்துக்கோ ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கோ இரத்த அழுத்தத்துக்கோ கொடுக்கும் ப்ரொப்ரனலால், அட்டினலால் போன்றவை கை காலைச் சில்லிட வைப்பது தெரிந்த விஷயம். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், கவனக்குறைவுக்கான மெத்தில்ஃபெனிடேட், தலைவலிக்கான எர்கோட்டமின் ஆகியவையும் குழாய்களைச் சுருக்கும். மாத்திரை ஆரம்பித்த தேதியையும் குளிர் ஆரம்பித்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பல நேரம் அங்கேயே புதிர் அவிழும். ஆனால் ப்ரொப்ரனலால் வகையைத் தாமாகத் திடீரென்று நிறுத்தினால் இதயம் முரண்டு பிடிக்கும், எழுதிக் கொடுத்தவரிடமே கேட்டுக் குறையுங்கள். சிகரெட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, நிக்கோட்டின் ஒவ்வொரு முறையும் விரல் குழாய்களை இறுக்கும், ஈசிகரெட்டிலும் அதே நிக்கோட்டின்தான்.

விரல் வெள்ளைக் கோடு போட்டதுபோல் வெளுத்தால்

குளிர்ந்த நீரைத் தொட்டதும், குளிர்பதனப் பெட்டிக்குள் கை விட்டதும் ஒன்றிரண்டு விரல்கள் மட்டும் மெழுகுபோல் வெளுத்து, பிறகு நீலமாகி, சூடேறும்போது சிவந்து விறுவிறுவென்று குத்துகிறதா? வெளுத்த இடத்துக்கும் நல்ல இடத்துக்கும் நடுவே தெளிவான எல்லை தெரிகிறதா? இது ரேனாட் நிகழ்வு. 1862இல் மாரிஸ் ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்ததால் அந்தப் பெயர். மூன்று நிறமும் எல்லாருக்கும் வராது, வெளுப்பும் நீலமும் மட்டும் போதும். அடுத்த முறை வரும்போது ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவர் முன்னால் விரல் எப்போதும் சாதுவாக நடந்துகொள்ளும்.

பெரும்பாலும் இது தனியாக வருவது, 30 வயதுக்கு முன்பே தொடங்கும், இரண்டு கையிலும் இருக்கும், விரலுக்குச் சேதம் வராது. குளிரைத் தவிர்ப்பதே பாதி மருத்துவம், தொல்லை அதிகமானால் குழாய்களை விரிக்கும் நிஃபெடிபின் கொடுப்பார்கள். கவலைப்பட வேண்டியது நடுத்தர வயதில் புதிதாக ஆரம்பிப்பது, ஒரு கையில் மட்டும் வருவது, விரல் நுனியில் புண்ணோ குழியோ விழுவது, விரல் தோல் தடித்து மோதிரம் மாட்ட முடியாமல் போவது, மூட்டுவலி கூட வருவது. அப்போது தோல் இறுகும் நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் போன்றவற்றைத் தேட வேண்டும். நகத்தின் அடிப்பகுதியில் இருக்கும் நுண்குழாய்களை உருப்பெருக்கியில் பார்ப்பதும், ஏ.என்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையும் அதற்குத்தான். விரல் சும்மா சில்லென்று மட்டும் இருந்து நிறம் மாறவே இல்லையென்றால் ஏ.என்.ஏ. எடுக்காதீர்கள். நோயே இல்லாத பலருக்கும் அது லேசாகப் பாசிட்டிவ் வரும், அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூக்கம் கெடுவதுதான் மிச்சம்.

பாதம் சில்லென்று இருக்கிறது, நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது

"இரத்த ஓட்டம் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வார்களே, அது உண்மையிலேயே இருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில். 50 வயதைத் தாண்டியவர், புகைப்பவர், சர்க்கரை உள்ளவர், இவர்களுக்கு ஏறக்குறைய ஒரே தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். உட்காரக்கூட வேண்டாம், நின்றாலே போதும். முதுகெலும்பில் நரம்பு நெருங்குவதாலும் நடக்கும்போது கால் வலிக்கும், ஆனால் அவர்களுக்கு நின்றால் போதாது, குனியவோ உட்காரவோ வேண்டியிருக்கும். முன்பு சொன்ன "சட்டென்று குளிரும் கோடு" இங்கே பயன்படும். அதோடு பாதத்தில் முடி உதிர்ந்து தோல் பளபளப்பது, சின்னக் கீறல் வாரக்கணக்கில் ஆறாதது, படுத்தால் பாதம் வலித்துக் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் சுகமாக இருப்பது எல்லாம் கெட்ட அறிகுறிகள். கடைசியாகச் சொன்னது இருந்தால் வாரக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

பாதத்தின் மேற்புறத்தில், கட்டைவிரலை மேலே தூக்கினால் புடைக்கும் நரம்புபோன்ற கயிற்றுக்கு வெளிப்பக்கம் விரல் வைத்தால் நாடி தட்டும். அங்கே கிடைக்காவிட்டால் பயப்பட வேண்டாம், பிறவியிலேயே சிலருக்கு அது இருக்காது. உட்புறக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் தேடுங்கள். இரண்டிலும் கிடைக்காவிட்டால் கணுக்கால்–கை அழுத்த விகிதம் பார்க்கச் சொல்ல வேண்டும். கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் எடுத்து வகுப்பதுதான், வலியே இல்லை. 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் கால் தமனி சுருங்கியிருக்கிறது. ஒரு சிக்கல், நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தமனி கல்போல் இறுகி, பி.பி. பட்டை அழுத்தினாலும் நசுங்காது, அதனால் விகிதம் 1.40க்கு மேல்கூட வரும். எண் உயரமாக இருப்பதைப் பார்த்து "சூப்பர்" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது, அவர்களுக்குக் கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

இரண்டு பக்கமும் சில்லென்று, கூடவே சோர்வு: இரும்பா, தைராய்டா?

அதிகம் குழப்பம் வருவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தைராய்டு குறைந்தவருக்குக் கை கால் மட்டும் குளிர்வதில்லை, ஆளே குளிர்கிறார். அடுப்பின் தீயைக் குறைத்ததுபோல உடம்பின் வெப்ப உற்பத்தியே இறங்கிவிடுகிறது. மற்றவர்கள் மின்விசிறியைத் தேடும் அறையில் இவர் போர்வையைத் தேடுவார். வியர்வை குறையும், தோல் வறண்டு சொரசொரக்கும், மலச்சிக்கல், முகம் உப்புவது, குரல் கரகரப்பது, எடை கொஞ்சம் ஏறுவது எல்லாம் மாதக்கணக்கில் மெதுவாகச் சேரும். நாடி நிதானமாக ஓடும்.

இரும்புச்சத்துக் குறைவில் படம் வேறு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், நாடி வேகமாக இருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்புக்குப் பதில் வெளிறிய ரோஜா நிறம். முடி கொட்டும், நகம் எளிதில் உடையும், இரவில் படுத்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றும். யாரும் தாமாகச் சொல்லாத ஒன்று, பனிக்கட்டியைக் கடித்துத் தின்னும் ஆசை. கேட்டால் வெட்கத்தோடு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டால் நான் ஃபெரிட்டின் எழுதிவிடுவேன்.

ஆகவே வீட்டில் செய்ய ஒரு எளிய சோதனை: காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணுங்கள், 3 நாள் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 60க்கு அருகிலோ கீழேயோ இருந்து, மேலே சொன்ன தைராய்டு அடையாளங்களும் சேர்ந்தால் அந்தப் பக்கம் சாய்கிறது. 90ஐ ஒட்டி ஓடினால் இரும்பின் பக்கம். இது நோயை உறுதி செய்யாது, நன்றாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் ப்ரொப்ரனலால் எடுப்பவர்களுக்கும் நாடி குறைவாகவே இருக்கும். மிகக் குறைவாகச் சாப்பிட்டு எடையைக் குறைத்தவர்களுக்கும் நாடி மெதுவாகி, கை கால் சில்லிட்டு, மாதவிடாய் நின்றுபோகும். அச்சு அசலாகத் தைராய்டு மாதிரியே இருக்கும், ஆனால் பரிசோதனையில், தைராய்டு குறைந்தால் ஏறும் டி.எஸ்.எச். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். 36 வயதுப் பெண், நாள் முழுக்கக் கணினி முன் வேலை. இரண்டு வருடமாகக் கை கால் சில்லிட்டு, காலுறையோடுதான் தூக்கம். வேறொரு இடத்தில் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 12.2, டி.எஸ்.எச். 6.1, தைராய்டு ஹார்மோனின் அளவைக் காட்டும் ஃப்ரீ டி4 சரியான அளவில். "இரத்தம் சரியா இருக்கு, தைராய்டு லேசா இருக்கு" என்று தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் 25 மைக்ரோகிராம் ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் டி.எஸ்.எச். 2.8க்கு வந்தது, தாளில் எல்லாம் அழகு. கை கால் அப்படியே.

அந்தப் பழைய தாளை வாங்கிப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால்தான் இரத்தசோகை, ஆண்களுக்கு 13. அந்தக் கணக்கில் 12.2 தப்பித்துவிட்டது. ஆனால் அதற்கு நான்கு வரி கீழே எம்.சி.வி. 78 என்று இருந்தது, அதாவது சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியவை. அதை யாரும் படிக்கவில்லை. மாதவிடாய் பற்றிக் கேட்டேன், "நார்மல்தான்" என்றார். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுகிறீர்கள் என்று கேட்டபோது முதல் இரண்டு நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றார். பனிக்கட்டி? அந்தச் சிரிப்பு வந்தது, அலுவலகத்தில் தினமும் ஒரு டம்ளர் நிறைய.

ஃபெரிட்டின் 7. உடம்பின் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டுவது ஃபெரிட்டின்தான். 15க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி என்று கொள்ளலாம், 30க்குக் கீழே என்றாலே பல மருத்துவர்கள் குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வோம். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்க ஆரம்பிக்கும், ஆக ஹீமோகுளோபினை மட்டும் பார்ப்பவர் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்கிறார். ஒரு எச்சரிக்கை, காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். காய்ச்சல் விட்டுச் சில வாரங்கள் கழித்து எடுங்கள்.

அப்படியென்றால் டி.எஸ்.எச். 6.1 எங்கிருந்து வந்தது? தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்யப் பயன்படுத்தும் முக்கியமான நொதிக்கே இரும்பு வேண்டும், அதனால் இரும்பு குறைந்தால் தைராய்டு கொஞ்சம் தடுமாறலாம். எதிர்ப்பக்கமாகவும் நடக்கும், தைராய்டு குறைந்தால் மாதவிடாய்ப் போக்கு அதிகமாகி இரும்பு கரையும். அதுபோக டி.எஸ்.எச். 4க்கும் 10க்கும் நடுவே, ஃப்ரீ டி4 சரியாக இருக்கும்போது, பெரும்பாலோருக்கு உடனே மாத்திரை வேண்டியதில்லை, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் பல பேருக்குத் தானாக இறங்கியிருக்கும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களுக்கும் கணக்கு வேறு, அவர்கள் காத்திருக்கக் கூடாது. முடி, நகத்துக்கான பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்துங்கள், அது பரிசோதனை எந்திரத்தை ஏமாற்றி உண்மையான குறைவைக்கூட மறைத்துவிடும்.

அவருக்குக் கொடுத்தது 60 மில்லிகிராம் இரும்பு உள்ள ஒரே ஒரு மாத்திரை, ஒருநாள் விட்டு ஒருநாள். "தினம் மூணு வேளை போட்டா சீக்கிரம் ஏறாதா?" என்று கேட்டார். ஏறாது. ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவிடும். மேலே மேலே போடும் இரும்பில் பெரும்பகுதி வயிற்றைப் புரட்டிவிட்டு வெளியே போகும். காபி, தேநீருடன் போடக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராக்சினுக்கும் இரும்புக்கும் நடுவே 4 மணி நேரம், இல்லாவிட்டால் தைராக்சின் உள்ளே போகாது. மலம் கறுப்பாகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன், சொல்லாவிட்டால் இரவு பத்து மணிக்கு ஃபோன் வரும்.

எல்லாரும் இதைப் படித்துவிட்டு இரும்பு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் எம்.சி.வி. குறைவாகவே இருக்கும், ஆனால் ஃபெரிட்டின் சரியாக இருக்கும், அவர்களுக்கு இரும்பு தேவையில்லை, கூடினால் கெடுதல். அப்புறம், ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால் அது எங்கே போனது என்று கேட்டே ஆக வேண்டும். வயிற்றுப் புண்ணிலிருந்தோ குடல் கட்டியிலிருந்தோ சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கலாம், மாத்திரை போட்டு எண்ணை மட்டும் ஏற்றிவிட்டால் அந்தக் கசிவு ஒளிந்துகொள்ளும்.

பனிக்கட்டி ஆசை இரண்டாவது வாரத்திலேயே போய்விட்டது என்றார். படி ஏறும்போது மூச்சு வாங்குவது ஒரு மாதத்தில். மூன்றாவது மாதம் ஹீமோகுளோபின் 13.4, ஃபெரிட்டின் 31. அதிகப் போக்குக்குக் கருப்பையில் இருந்த சிறு நார்க்கட்டிதான் காரணம் என்று ஸ்கேனில் தெரிந்து அதற்குத் தனியாகச் சிகிச்சை நடந்தது. தைராக்சினை நிறுத்தி எட்டு வாரம் கழித்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். 3.4, அப்புறம் அதைத் தொடவில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இரும்பை மேலும் மூன்று மாதம் தொடரச் சொன்னேன்.

கை கால்? முன்பைவிட நன்றாக இருக்கிறது, காலுறை இல்லாமல் தூங்குகிறார். ஆனால் குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் விரல் இன்னும் சில்லிடுகிறது. கடைசியாக வந்தபோது மேசைமேல் கையை நீட்டி, "இது மட்டும் போகலையே டாக்டர்" என்றார். நானும் என் கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.